பன்னிரண்டு மணி வெயிலும் நாலரை மணி வெந்நீரும்

எட்டாம் வகுப்பு முடிக்காமலே பள்ளியை விட்டவன் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் பாய்லருக்கு விறகு தள்ளினேன். அங்கே சாயம் ஏற்றும் ட்ரம்முக்குச் சுடுதண்ணீர் நேரத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் திட்டு விழும், சில நாள் அடியும் விழும். அதில் சலித்துப் போய் திருப்பத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு பெங்களூரில் வயரிங். அதன் பிறகு எங்கெங்கோ. இரண்டாயிரத்துக்குப் பிறகு சோலார் தெருவிளக்குக் கம்பம் நடும் கூட்டத்தோடு சேர்ந்து மூன்று மாநிலங்கள் சுற்றினேன். சாப்பாடு இருந்த நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. ஒரே ஊரில் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை.

மொட்டை மாடியில் தயாராகும் கரண்ட்டை அரசாங்கத்துக்கே விற்கலாம் என்ற ஏற்பாடு அதற்குப் பல வருடம் கழித்துத்தான் வந்தது. அப்போது வேலூருக்குத் திரும்பியிருந்தேன். லாங் பஜாரில் ஒரு எலெக்ட்ரிகல் கடைக்கு வெளியே நின்றால் யாராவது வேலைக்குக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் சிஸ்டர் வந்தார்.

அவர் நாற்பது வருடம் நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள சந்தில் பதினான்கு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். அங்கே தங்குகிறவர்கள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அல்ல. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து, நோயாளியோடு மாதக்கணக்கில் இருப்பவர்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளிப்பார்கள். ஐந்தரைக்கெல்லாம் டோக்கன் வரிசையில் போய் நிற்பார்கள். ஆறு மணிக்கு லாட்ஜ் காலி. திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும்.

அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான். அது வெந்நீர். மார்கழியா சித்திரையா என்று பார்க்க மாட்டார்கள். ஊரிலிருந்து வந்த உடம்புக்கு வேலூர் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆபரேஷன் ஆனவரைத் துணி நனைத்துத் துடைக்கவும் அதுதான் வேண்டும். வெந்நீர் இல்லாத லாட்ஜில் இரண்டாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சந்துக்குப் போய்விடுவார்கள்.

பின்பக்கம் விறகு அடுப்பு ஒன்றின் மேல் பெரிய அண்டா இருந்தது. மூன்றரை மணிக்கே அடுப்பைப் பற்ற வைப்பார்கள். புகை பக்கத்து வீட்டுச் சுவர் மேல் போகும். பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்தான் லாட்ஜ் கட்டிடத்துக்கும் சொந்தக்காரர். வீட்டுக்குப் புதுசாக வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார். குத்தகை முடிகிற மாதம் அது. அடுப்பை எடுத்தால்தான் மறுபடியும் கையெழுத்து, இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இதைச் சிஸ்டர் எனக்குச் சொன்னது கடை வாசலில் நின்றபடியேதான்.

"அடுப்ப எடுத்துட்டு அறைக்கு அறை கீசர் வெச்சா?" என்றேன்.

"வெச்சு? இது கமர்ஷியல் கனெக்ஷன்பா. கீசர் ஓட்டினா வாடகை மொத்தமும் கரண்ட்டுக்குத்தான் போவும். கூலிக்கு லாட்ஜ் நடத்தினாப்ல ஆயிடும்."

"குத்தகை போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

"பையன் லண்டன் பக்கம் நர்சா இருக்கான். அங்க வந்துடுன்றான். அந்தக் குளுருல சன்னல் ஓரமா உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கணும். நான் இன்னும் ஓடியாடி வேல செய்யுற ஆளு."

மாடியில் ஏற்கெனவே ஐந்து கிலோவாட்டுக்குச் சோலார் பலகைகள் இருந்தன. மகன் சொல்லி, பாங்கில் லோன் போட்டு வைத்தது. கரண்ட்டை விற்று லோனைக் கட்டிவிடலாம் என்று பலகைகளை மாட்டியவன் சொல்லியிருக்கிறான். லாட்ஜுக்கு அது ஒத்து வரவில்லை. வெயில் கொளுத்தும் பகலில் அங்கே ஆளே இல்லை. வரவேற்பறையில் ஒரு ஃபேன், ஒரு ஃபிரிஜ், துணி துவைக்கும் மெஷின், போர் மோட்டார், அவ்வளவுதான் ஓடும். மீதி எல்லாம் மீட்டர் வழியாக வெளியே போய்விடும். போகிற யூனிட்டுக்குக் கிடைப்பது இரண்டு ரூபாய்ச் சில்லறை. இரவிலும் விடியற்காலையிலும் வாங்குகிற யூனிட்டுக்குக் கொடுப்பது அதைப் போல மூன்று நான்கு மடங்கு. விற்பதும் வாங்குவதும் ஒரே கம்பிதான்.

"பையன் இத அனுப்பினான்" என்று சிஸ்டர் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்தார். செங்கல் அளவு இருந்தது. "அங்க பலகை வெச்ச வீட்டுல எல்லாம் இது இருக்குதாம். டைவர்ட்டர்னு பேரு. மிச்சக் கரண்ட்டுல தண்ணி காய்ச்சுமாம். இங்க கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல. உனக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியாது. ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. அதோடு ஒரு வளையம் இருந்தது. அதை உள்ளே வரும் கம்பியைச் சுற்றி மாட்ட வேண்டும். கம்பியில் கரண்ட் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா, எவ்வளவு என்பதை வளையம் பார்த்துச் சொல்லும். வெளியே போகத் தொடங்கினால் பெட்டி அந்த அளவை மட்டும் ஹீட்டருக்குத் திருப்பிவிடும். ஒரு கிலோவாட் மிச்சம் இருந்தால் ஒரு கிலோவாட், இரண்டு இருந்தால் இரண்டு. நடுவில் போர் மோட்டார் ஓடினால் ஹீட்டரைத் தானே குறைத்துக்கொள்ளும். மோட்டார் நின்றால் மறுபடி ஏற்றும். வாங்குகிற கரண்ட்டைத் தொடாது. தோல் ஷாப்பில் நீராவி வால்வைத் திருகிக்கொண்டே நின்ற வேலையை இந்தப் பெட்டி நிற்காமல் செய்கிறது.

"பண்ணிடலாம் சிஸ்டர்" என்றேன்.

"பண்ணலாமா, பண்ணிடலாமா?"

"பண்ணிடலாம்."

வெயிலில் நேராகத் தண்ணீர் காய்ச்சும் கண்ணாடிக் குழாய் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சிஸ்டர் அதையும் பார்த்திருந்தார். இந்தப் பகுதி போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. இரண்டு வருடத்தில் குழாய்க்குள் வெள்ளையாகப் பாறை கட்டி அடைத்துக்கொண்டது. இப்போது மாடியில் பலகை போக மீதி இடமும் இல்லை. உப்பு ஹீட்டர் மேலும் படியும்தான். ஆனால் ஹீட்டர் ஒற்றைக் கம்பி, கழற்றிச் சுரண்டி மாட்டிவிடலாம்.

முந்நூறு லிட்டர் எவர்சில்வர் தொட்டி ஒன்றைச் செய்யச் சொன்னேன். சுற்றிலும் பஞ்சு வைத்து மேலே தகடு அடித்தது. ஓவர்ஹெட் டாங்குக்குக் கீழே அதை வைத்தேன். பச்சைத் தண்ணீர் தொட்டிக்கு அடியில் நுழையும், வெந்நீர் உச்சியிலிருந்து வெளியேறும். அப்போதுதான் இரண்டும் கலக்காமல் சூடு மேலே நிற்கும். ஆவி போக ஒரு குழாயை டாங்கை விட உயரத்துக்குத் திறந்து விட்டேன். மூன்று கிலோவாட் ஹீட்டர். அறுபது டிகிரி வந்தால் தானே அணையும் தெர்மோஸ்டாட். அது அணையாமல் மாட்டிக்கொண்டால் கரண்ட்டை வெட்ட இன்னொன்று. எர்த்தைப் புதுசாகப் போட்டேன். தொட்டியிலிருந்து ஒரே குழாய், பின்பக்கம் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரே திருகு குழாய். அரை பக்கெட் அதில் பிடித்து, அரை பக்கெட் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் குளிக்கும் சூடு. முப்பது பேருக்கு வரும், மிச்சமும் இருக்கும்.

வளையத்தை எங்கே மாட்டுவது என்று பெட்டியோடு வந்த தாளில் படம் இருந்தது. மீட்டருக்கு அடுத்து, உள்ளே வரும் கம்பியில். அப்படியே மாட்டினேன். லாட்ஜுக்கு மூன்று பேஸ் வருகிறது, அதாவது மூன்று தனித்தனிக் கரண்ட் கம்பிகள். விளக்கு, ஃபேன், மோட்டார், சோலார் எல்லாம் ஒரே போர்டில் முதல் பேஸில் இருந்தன. அந்த முதல் பேஸ் கம்பியில் அம்புக்குறி லாட்ஜைப் பார்த்திருக்கும்படி வளையத்தைப் போட்டேன். பெட்டியில் ஒரு சின்னத் திரை உண்டு. இன்றைக்கு எத்தனை யூனிட், நேற்றைக்கு எத்தனை யூனிட் ஹீட்டருக்குப் போனது என்று காட்டும்.

முதல் நாள் நானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலை ஒன்பதரைக்கு ஹீட்டர் மெல்ல ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்கு முழு வேகம். இரண்டரைக்குத் தெர்மோஸ்டாட் அணைத்தது. திரையில் பதினொரு யூனிட்டைத் தாண்டியிருந்தது. தொட்டி உச்சியிலிருந்து வெளியேறும் குழாயில் புறங்கையை வைத்தேன், ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த கரண்ட் வழக்கம் போல வெளியே போயிற்று. போகட்டும்.

மறுநாள் விடியற்காலை சிஸ்டர் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. வங்காளிப் பெண் ஒருவர் பக்கெட்டோடு வந்து, அடுப்பு அணைந்திருப்பதைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். குழாயைத் திருகினேன். முதலில் குழாயில் நின்ற பச்சைத் தண்ணீர் கொஞ்சம் வந்தது. பிறகு ஆவி பறந்தது.

"கரம் பானி" என்றார் அவர், வெந்நீர் என்று, யாரிடமும் இல்லாமல்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். குத்தகை முடிய அப்போது ஒன்பது நாள் இருந்தது. நான் கையில் வாங்கிய கூலியோடு ஜோலார்பேட்டை போய் எங்காவது ரயில் ஏறலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. பத்து பக்கெட் போனதும் அதுவும் இல்லை. வயிற்றில் ஆபரேஷன் ஆன கணவரைத் துடைக்க வந்த அசாம்காரப் பெண், பக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, அதை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிஸ்டர் விறகை எடுத்து அடுப்பில் வைத்தார். புகை நேராக வெள்ளைச் சுவருக்குப் போயிற்று. ஏழு மணிக்கு வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார்.

"இன்னா சிஸ்டர், பெட்டி வெச்சீங்களே, அதுக்குள்ள விறகு போட்டு எரிக்கணுமா?"

அவர் போன பிறகு சிஸ்டர் என்னிடம் திரும்பி, "பண்ணிடலாம்னியேப்பா" என்றார்.

பெட்டியின் திரையைப் பார்த்தேன். முந்தின நாள் ஹீட்டருக்குப் போனது இரண்டு யூனிட்தான். முந்தின நாள் நல்ல வெயில். சோலார் இன்வெர்ட்டர் இருபத்தொரு யூனிட் எடுத்ததாகக் காட்டியது. அப்படியானால் கரண்ட் வந்திருக்கிறது, வெளியே போயிருக்கிறது, பெட்டி மட்டும் அதைப் பார்க்கவில்லை. வளையம் ஆடவில்லை. அம்புக்குறி சரி. ஹீட்டரை நேரடியாகப் போட்டுப் பார்த்தேன், ஓடியது. நான் நின்று பார்க்கும்போது பெட்டியும் ஒழுங்காகவே ஓடியது.

லாட்ஜில் இன்னொருவர் இருந்தார். ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பகல் முழுவதும் வரவேற்பறையில் உட்கார்ந்து சாவி கொடுப்பார், சாவி வாங்குவார். மேனேஜர் என்று பேர். அவரிடம் கேட்டேன்.

"சார், பெட்டியத் தொட்டீங்களா?"

"நானா? அந்தப் பெட்டியவா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முப்பத்தஞ்சு வருஷம் ரயில்வேல இருந்தவன்பா. எனக்குச் சொல்லாத லிவரத் தொட மாட்டேன். தொட்டேன்னு நிரூபி, கைய வெட்டிக்கிறேன்."

"கை வேணாம் சார். வேற யாராச்சும்?"

"நான் இருக்கறப்ப ஒருத்தனும் அந்தப் பக்கம் போவ முடியாது."

அவர் சொன்னது உண்மை என்று முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

நான்காம் நாள் நல்ல வெந்நீர். அதற்கு முந்தின நாள் ஞாயிறு. ஐந்தாம் நாள் மறுபடி வெதுவெதுப்பு. இரண்டு அறைக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆறாம் நாள் ஒரு குடும்பம் போனது. சிஸ்டர் மகனுக்குப் போன் செய்து பேசியது சுவருக்கு அப்பால் கேட்டது. "இல்லடா, பாஸ்போர்ட் எங்க இருக்குதுன்னு தேடணும்" என்றார். அவர் எதையும் தொலைக்கிறவர் அல்ல.

எனக்கு ஒரு இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வராது. அன்றைக்கு உட்கார்ந்தேன். காலை எட்டு மணிக்கு வரவேற்பறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மெயின் போர்டையும் இன்வெர்ட்டரையும் பெட்டியையும் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். இன்று இது தெரியாமல் எழுந்திருப்பதில்லை.

மேனேஜர் பேப்பரை விரித்தார். "இன்னாப்பா, காவலுக்கா?"

"ஆமா சார்."

"என்னையவா?"

"பெட்டிய."

"பெட்டி எங்கயும் ஓடாதுப்பா. நீதான் ஓடுற ஆளு."

ஒன்பதரைக்கு ஹீட்டர் தொடங்கியது. திரையில் எண் ஏறியது. பத்தரை மணி இருக்கும். பின்சந்தில் இருந்த வெல்டிங் பட்டறையில் வேலை ஆரம்பித்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் வேகம் குறைந்து இழுத்து இழுத்துச் சுற்றியது. மேனேஜர் பேப்பரை மடித்தார். எழுந்தார். பேச்சை நிறுத்தாமல், போர்டைப் பார்க்கக்கூட இல்லாமல், அதன் பக்கவாட்டில் இருந்த கறுப்புக் குமிழைப் பிடித்து டக்கென்று ஒரு திருகு திருகினார். ஃபேன் ஒரு நொடி நின்று, பிறகு வேகமாகச் சுற்றியது. அவர் திரும்பி வந்து பேப்பரை விரித்தார்.

இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு வந்தது. சில நிமிடம் காத்திருந்து மறுபடி பச்சை ஆயிற்று. பெட்டியின் திரையில் ஹீட்டருக்குப் போவது சைபர். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"சார், இப்ப இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்?"

"எழுந்து போனீங்களே."

"ஃபேன் இழுத்துச்சி. பேஸ் மாத்துனேன்." அவருக்கு அது ஒரு செயலாகவே தோன்றவில்லை. "வெல்டிங்காரன் நம்ம பேஸுலதான் அடிக்கிறான். அவன் ஆரம்பிச்சா ரெண்டாவதுக்குப் போட்டுடுவேன். சாயங்காலம் அவன் மூடினா மொதலுக்கு வந்துடுவேன். பத்து வருஷமா இதான். ஞாயித்துக்கிழம அவன் லீவு, மாத்தறதில்ல. நீ பெட்டிய மாட்டி மொத ரெண்டு நாளு அவன் ஊருல இல்ல, அப்பவும் மாத்தல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. மூன்று பேஸ் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் அந்தக் குமிழ் உண்டு. ஒரு பேஸில் வோல்டேஜ் கம்மியானால் அடுத்ததற்குத் திருப்பாத கை இந்த ஜில்லாவில் இல்லை. நானே ஆயிரம் தரம் திருப்பியிருக்கிறேன். பெட்டி செய்த ஊரில் வீட்டுக்கு ஒரே பேஸ்தானாம், பிறகு மகன் சொன்னான். அதனால் அந்தத் தாளில் வளையத்தை மீட்டர் பக்கத்தில் போடு என்று மட்டும் இருந்தது. நானும் தாளைப் பார்த்தேனே தவிர போர்டைப் பார்க்கவில்லை.

குமிழைத் திருப்பினால் போர்டு மொத்தமும், சோலாரும் சேர்ந்து, இரண்டாம் பேஸுக்குப் போய்விடுகிறது. மிச்சக் கரண்ட் இரண்டாம் கம்பி வழியாக வெளியே ஓடுகிறது. வளையமோ முதல் கம்பியைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் வரவில்லை, ஒன்றும் போகவில்லை என்று பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கரண்ட் ஆபீஸ் மீட்டர் மூன்று பேஸையும் கூட்டிப் பார்க்கும். அதனால் பில்லிலும் ஒன்றும் தெரியாது. தொட்டி மட்டும்தான் ஆறியது.

சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மேனேஜரைப் பார்த்தார்.

"கை வெட்டிக்கிறேன்னீங்களாமே?"

"பெட்டியத் தொட்டாத்தான வெட்டிக்கணும் சிஸ்டர். நான் தொட்டது குமிழு" என்றார் அவர். ஆனால் குரல் இறங்கிவிட்டது. "இனிமே தொடல. ஃபேன் இழுத்தா இழுக்கட்டும். விசிறி வெச்சுக்கறேன்."

"ஒண்ணும் வேணாம்" என்றேன். "நீங்க எப்பவும் போல திருப்புங்க. வளையம் தப்பான எடத்துல இருக்குது. நான்தான் போட்டேன்."

அவர் திருப்பாமல் இருந்தாலும் வேறு ஒருவர் திருப்புவார். ஃபேன் இழுத்தால் கை தானாகப் போகும். அதைத் தடுத்து ஒரு வேலையும் நிலைக்காது.

மெயினை அணைத்தேன். மூன்று கம்பியும் குமிழுக்குள் போகின்றன. குமிழிலிருந்து போர்டுக்கு ஒரே கம்பிதான் வருகிறது. குமிழ் எந்தப் பக்கம் இருந்தாலும் லாட்ஜுக்கு வருவதும் லாட்ஜிலிருந்து போவதும் அந்த ஒரே கம்பி வழியாகத்தான். வளையத்தைக் கழற்றி, அந்தக் கம்பியில், அம்பு போர்டைப் பார்க்கும்படி மாட்டினேன். பத்து நிமிட வேலை. மெயினைப் போட்டேன்.

"சார், வாங்க. திருப்புங்க."

மேனேஜர் வந்து இரண்டாம் பேஸில் வைத்தார். இன்வெர்ட்டர் பச்சை ஆகும் வரை மூன்று பேரும் நின்றோம். ஹீட்டர் எண் ஏறியது. மூன்றாவதுக்குத் திருப்பச் சொன்னேன். மறுபடி காத்திருந்தோம். ஏறியது. முதலுக்கு. ஏறியது. சிஸ்டர் நாடி பார்ப்பவர் போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு நேரம் கொஞ்சம் போய்விட்டாலும் மாலைக்குள் ஒன்பது யூனிட் ஏறியது.

மறுநாள் காலை நாலரைக்கு அசாம்காரப் பெண் பக்கெட்டோடு வந்தார். இரண்டு நாளாக அவர் டீக்கடையில் காசு கொடுத்து வெந்நீர் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிஸ்டரே குழாயைத் திருகினார். அந்தப் பெண் விரலை விட்டுப் பார்த்து, வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பிறகு பச்சைத் தண்ணீர் இன்னும் ஊற்றச் சொன்னார். கடைசியாகக் குளித்தவருக்கும் சூடு இருந்தது.

குத்தகைக்கு நான்கு நாள் இருந்தது. இரண்டு நாள் வெயில். மூன்றாம் நாள் காலையிலிருந்தே மேகம் மூடி, மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. பெட்டியின் திரையில் ஐந்து மணிக்கு மூன்று யூனிட்தான். நான் அதை எதிர்பார்த்திருந்தேன். பெட்டியில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் வாங்குகிற கரண்ட்டிலேயே ஒரு மணி நேரம் ஹீட்டர் ஓடும்.

"வாங்கினா விலையாச்சே?" என்றார் சிஸ்டர்.

"மழை நாளுக்கு மட்டும் சிஸ்டர். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திரையப் பாருங்க. எட்டுக்கு மேல இருந்தா விட்டுடுங்க. கம்மியா இருந்தா ஒரு தரம் அழுத்துங்க. ரொம்பக் கம்மின்னா ரெண்டு தரம். வருஷத்துல எத்தினி நாளு இங்க மழை?"

"இந்த ஊருலயா?" என்றார் மேனேஜர். "மழை பெஞ்சா நாங்க லீவு கேப்போம்."

சிஸ்டர் இரண்டு தரம் அழுத்தினார்.

மறுநாள் காலை, அடுப்பு இல்லாமல், மழையில் நனைந்தபடியே எல்லோரும் வெந்நீர் பிடித்துப் போனார்கள். ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் குடையோடு வந்தார். பின்பக்கம் போய் அடுப்பைப் பார்த்தார். உள்ளே சாம்பல் ஈரமாகப் படிந்திருந்தது. குழாயைத் திருகிக் கையை நீட்டினார், உடனே இழுத்துக்கொண்டார்.

"மழையிலயுமா?" என்றார்.

"மழையிலயும்தான்" என்றார் மேனேஜர், தானே காய்ச்சியது போல.

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். கறை இருந்தது. புதுக் கறை இல்லை. "அடுப்ப இடிச்சுடுங்க, பேப்பர் எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருடத்துக்கு எழுதினார்கள். அடுப்பை மேனேஜர் அன்றைக்கே கடப்பாரையால் இடித்தார். என்னைத் தொட விடவில்லை. செங்கல்லைச் சந்தில் யாரோ கேட்டு வாங்கிப் போனார்கள்.

நான் இரண்டு நாள் கழித்துக் கிளம்பினேன். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஹீட்டரைக் கழற்றி உப்பைச் சுரண்ட வேண்டும் என்று சொல்லி, எப்படி என்றும் காட்டினேன். விடைபெறப் போனபோது சிஸ்டர் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னை நிற்கச் சொல்லிக் கை காட்டினார்.

"ஓடுதுடா, நல்லா ஓடுது. நீ அனுப்பினத எங்க வெக்கணும்னு அந்தத் தாளுல தப்பா போட்டிருக்குது, அவங்களுக்கு எழுதிப் போடு... டிக்கெட்டா? போடு. மார்ச்ல போடு, ஒரு மாசத்துக்கு." அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டான். சிஸ்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாக்க வர்றேன்டா" என்றார். "இருக்க வரல."